வெள்ளைத் துணி விரித்தால் அணைகிற விளக்கு

ஜெரோமின் அப்பாவும் அம்மாவும் மதுக்கரைப் பக்கம் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக ஐ.டி.ஐ. முடித்தவன் அவன்தான். கோயம்புத்தூருக்கு வெளியே ஒரு துணி மில்லில் நான்கு வருடமாக எலக்ட்ரீஷியன், அதுவும் தற்காலிகம். நிரந்தரம் என்ற அந்த ஒரு சொல்லுக்காக மனுசன் எத்தனை வருசம்தான் காத்திருப்பான்!

தொண்ணூற்றேழாம் வருடம் முதலாளி திருமலைசாமி, நெய்த துணியில் குறை பார்க்கிற செக்கிங் அறையில் பட்டப்பகலில் டியூப் லைட் எரிவதைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். சும்மா இருந்திருக்கலாம். ஜெரோம் முன்னால் போய் நின்றான்.

"இருட்டுனா தானா எரிஞ்சு, விடிஞ்சா தானா அணையற மாதிரி செஞ்சு தாரேனுங்க."

"செஞ்சு காட்டு. சரியா ஓடுச்சுன்னா உன்னைய நிரந்தரம் பண்ணிப்போடறேன். ஓடலைன்னா வேற ஆளைப் பாத்துக்குவேன், ஆமா" என்றார் முதலாளி.

பட்டாணி அளவில் ஒரு சென்சார், ஒரு ரிலே, ஒரு திருகு. அவ்வளவுதான் சாமான். வெளிச்சம் குறைந்தால் சென்சார் சொல்லும், ரிலே விளக்கைப் போடும். எவ்வளவு இருட்டினால் போட வேண்டும் என்பதைத் திருகில் வைக்கலாம். சென்சாரை ஜன்னல் சட்டத்தின் உச்சியில் பொருத்தினான். விளக்குகளுக்கு மேலே தகர மறைப்பு இருந்ததால் நேர் வெளிச்சம் அங்கே படாது என்பதையும் பார்த்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை மில் லீவு. சாயங்காலம் தனியாக உட்கார்ந்து சோதித்தான். பொழுது மங்கியதும் மூன்று லைட்டும் பளிச்சென்று எரிந்து நின்றன. அன்றைக்கு அவன் கால் தரையில் படவில்லை.

திங்கட்கிழமை மானம் போனது. பொழுது மங்கியதும் விளக்குகள் எரிந்தன, அணைந்தன, மறுபடி எரிந்தன. திருவிழாப் பந்தல் கெட்டது போங்கள்! துணியில் இழை அறுந்ததையும் கறையையும் தேடுகிற பெண்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு திட்டினார்கள். ரிலேயை மாற்றினான். அப்படியேதான். திருகைத் திருப்பினான், மினுக்குவது நின்றது, ஆனால் விளக்கு நடுப்பகலிலேயே எரிந்தது. "வியாழக்கிழமை மொதலாளி பாக்க வாராரு. அதுக்குள்ள சரி பண்ணு, இல்லாட்டி பழைய சுவிட்சையே மாட்டிப்போடு" என்றார் சூப்பர்வைசர் கோபாலசாமி.

புதன்கிழமை சாயங்காலம், ஜன்னலோரம் செக்கிங் பார்க்கிற பாவாத்தாள் கூப்பிட்டாள்.

"ஏனுங்க தம்பி, ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே? கருநீலப் பாவாடைத் துணி விரிச்சா லைட்டு சும்மா நிக்குது. வெள்ளை வேட்டித் துணி விரிச்சாத்தான் இந்தக் கூத்து. அதுக்கு வெள்ளைன்னா ஆகாதுங்களா?"

ஜெரோம் வாயைப் பிளந்தான். ஞாயிற்றுக்கிழமை மேசையில் துணியே இல்லை! வெறும் கறுப்புப் பலகை விளக்கின் வெளிச்சத்தை விழுங்கிவிட்டது. வெள்ளைத் துணியோ அதைத் திருப்பி ஜன்னல் மேல் அடிக்கிறது. சென்சார் அதைப் பகல் என்று நம்பி விளக்கை அணைக்கிறது. அணைந்ததும் இருட்டு என்று மறுபடி போடுகிறது. துணி மில்லில் துணியில்லாமல் சோதனை செய்த புத்திசாலி உலகத்தில் அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

வியாழக்கிழமை காலையில் ஒரு சாண் பி.வி.சி. குழாயை அறுத்து, உள்ளே கறுப்புப் பெயிண்ட் அடித்தான். சென்சாரை ஒரு முனையில் வைத்துப் பின்பக்கத்தைக் கறுப்பு டேப்பால் இறுக்கினான். மறுமுனையில் சைக்கிள் டியூப் ரப்பரைச் சுற்றி, இடுக்கில்லாமல் ஜன்னல் கண்ணாடியோடு ஒட்டி அழுத்தினான். இனி அதற்கு வெளியே வானம்தான் தெரியும், அறையில் என்ன நடந்தாலும் தெரியாது. குழாய்க்குள் வெளிச்சம் குறைவாக வருமே! வெளியே ஜன்னல் மேல் கோணிச்சாக்கைத் தொங்கவிட்டு, சாயங்காலம் போல மங்கலாக்கி, திருகைப் புதிதாக வைத்தான். இந்த முறை மேசையில் வெள்ளைத் துணி விரித்திருந்தது.

சாயங்காலம் முதலாளி வந்து நின்றார். வெளியே பொழுது மங்கியது. விளக்குகள் எரிந்தன. பாவாத்தாள் வேண்டுமென்றே வேட்டித் துணியை ஜன்னல் பக்கமாக அள்ளித் தூக்கிக் காட்டினாள். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிடம் நின்றார்.

"என்னப்பா, ஒண்ணுமே நடக்கலையே?"

"நடக்கக் கூடாதுங்க ஐயா. அதுக்குத்தானுங்க இத்தனை பாடு. கோளாறைக் கண்டுபிடிச்சது பாவாத்தா அக்காங்க."

முதலாளி சிரித்துவிட்டார். "கோபாலசாமி, ஒண்ணாந்தேதியிலிருந்து இவன் நிரந்தரம்."

அவர் போனதும் ஜெரோம் ஸ்டூலில் உட்கார்ந்தவன், முகத்தைக் கையால் மூடிக்கொண்டு குலுங்கினான். பாவாத்தாள் பதறிப் போனாள்.

"அட, என்ன கண்ணு, நிரந்தரமானதுக்கு யாராச்சும் அழுவாங்களா?"

"போன வருசமே நிரந்தரமாயிட்டேன்னு ஊட்டுல பொய் சொல்லிப்போட்டேனுங்க அக்கா" என்றான் ஜெரோம். "இன்னைக்கு அம்மா மூஞ்சியைப் பாக்கலாமுங்க."