பட்டனைத் தட்டாமல் படித்தவர்

எங்கள் கேமில் வசனம், டைப் அடிப்பதுபோல, ஒவ்வோர் எழுத்தாகத் திரையில் விழும். கதையும் வசனமும் நண்பன் எழுதியவை, புரோகிராம் என்னுடையது. குருபோங் ஊரில் ஒரு கடைவீட்டு மாடியில் இருவரும் அதோடு மாரடித்துக்கொண்டிருந்தோம். கோலாலம்பூரில் கேம் வெளியிடும் கம்பெனி ஒன்றிலிருந்து ஓர் அக்கா பார்க்க வருவதாக இருந்தது.

"இவங்களும் வேணாம்னுட்டா நான் சிங்கப்பூர் வேலைக்குப் போய்டுவேன்லா. வீட்ல எவ்ளோதான் பேச்சு வாங்குறது?" என்றான் நண்பன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அக்கா தன் பழைய லேப்டாப்பிலேயே கேமை ஏற்றச் சொன்னார். முதல் காட்சி. கதையில் வரும் மகள், தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் நிற்கிறாள். அவள் சொல்வதில் 'அப்பா' என்ற சொல் மட்டும் சிவப்பாக வரவேண்டும்; அதற்கான நிறக்குறியை வரிக்குள்ளேயே எழுதியிருந்தோம், அது திரையில் தெரியக்கூடாது.

வரி விழத் தொடங்கியது. பாதி எழுத்துகளைக் காணோம். 'அப்பா' இருக்க வேண்டிய இடத்துக்கு முன்னால் <colr=ed என்று நின்றது.

இதை நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. எப்படிப் பார்ப்போம்? கதை மனப்பாடம். சோதிக்கும்போதெல்லாம் பட்டனைத் தட்டுவோம், வரி முழுதாக, ஒழுங்காக வந்துவிடும். அக்கா தட்டவில்லை. பாவி மனுஷி, படிக்க உட்கார்ந்திருந்தார்.

எத்தனையாவது எழுத்து விழ வேண்டும் என்பதை ஓடிய நேரத்தை வைத்துக் கணக்கிட்டிருந்தேன். ஆனால் திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் ஓர் எழுத்தைத்தான் சேர்த்தேன். எங்கள் கணினியின் வேகத்துக்கு அது சரியாக வந்தது. மெதுவான லேப்டாப்பில் கணக்கு தாவிவிட, நடுவில் இருந்த எழுத்துகள் விழவேயில்லை. நிறக்குறியும் அப்படியே சிதைந்து, குறியென்று தெரியாமல், வெறும் எழுத்தாக நின்றது.

"தமிழ் ஃபான்ட் பிரச்சனை போல தம்பி. இங்கிலீஷ்ல மட்டும் போடுங்க, பாக்கலாம்," என்றார் அக்கா.

"தமிழால இல்லக்கா, எந்த மொழின்னாலும் இப்படித்தான் வரும்," என்றேன். எரிச்சல் குரலில் தெரிந்திருக்கும். அவர் லேப்டாப்பை மூடினார்.

மறுநாள் காலையிலேயே சரிசெய்துவிட்டேன். முழு வரியையும் முதலிலேயே கொடுத்துவிட்டு, தெரியும் எழுத்துகளின் எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் போதும். குறி தானாக மறைந்துகொள்ளும். இவ்வளவுதான் வேலை. அக்காவுக்கு அனுப்பினேன். பதிலில்லை. வராது என்று தெரிந்துதான் அனுப்பினேன்.

நண்பனை அழைத்தேன். பின்னால் பஸ் இரைந்தது.

"சரியாயிடுச்சுடா. ஒரு எழுத்துகூட விடல."

"நல்லதுடா."

"எங்க இருக்க?"

"ஜொகூர் தாண்டப்போகுது. அந்தப் பக்கம் சிங்கப்பூர்தான்." என்றான். "இங்கிலீஷ்லயே போட்டுரு. வேற யாரயாச்சும் எழுதச் சொல்லு. என் பேர எடுத்துரு."