பன்னிரண்டைத் தாண்டிய கோடு

ஆரல்வாய்மொழிக் கணவாயில் எங்கள் காற்றாலைத் தளத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. மேலே ஏறியவன் காற்றைப் பார்க்க மாட்டான். எண்பது மீட்டர் உயரத்தில், இறக்கைகள் வந்து சேரும் குடத்துக்குள் குனிந்து நின்று போல்ட் முறுக்குகிறவனுக்கு வெளியே என்ன வீசுகிறது என்று தெரியாது. கீழே கட்டுப்பாட்டு அறையில் இருப்பவன்தான் திரையைப் பார்த்து வாக்கி டாக்கியில் சொல்ல வேண்டும். வினாடிக்குப் பன்னிரண்டு மீட்டரைத் தாண்டினால் குடத்துக்குள் ஆள் இருக்கக்கூடாது. அதனால்தான் அந்த வேலையைக் காலையிலேயே வைத்துக்கொள்வோம். பத்து மணிக்கு முன் இங்கே காற்று கிளம்பாது என்பது எங்கள் எல்லோருடைய நம்பிக்கை.

அன்று மேலே ஏறியவன் என் நண்பன். பன்னிரண்டு வருடமாகச் சேர்ந்து வேலை பார்க்கிறோம். என் பெண்ணுக்குக் காது குத்தியபோது மடியில் உட்கார்த்தி வைத்துக்கொண்டது அவன்தான். கூட இன்னொரு ஆளும் ஏறினார். ஒன்பது மணிக்கு முன்பே மேலே போய்விட்டார்கள்.

அதே காலையில் தலைமை அலுவலகத்திலிருந்து எனக்கும் ஒரு வேலை வந்திருந்தது. திரையில் காற்றாலைகளைக் காட்டும் சாஃப்ட்வேருக்கு ஒரு அப்டேட். மதியத்துக்குள் போட்டே ஆகவேண்டும். ஆள் மேலே இருக்கும்போது திரையை நிறுத்தக்கூடாது என்பது விதி. ஆனால் முந்தைய அப்டேட்டுகள் எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தவை. மெயிலில் மூன்று ஜிபி என்று போட்டிருந்தது. போட்டு முடித்தால் ஒரு ஜிபிதான் கூடுமாம். சி டிரைவில் பதினொரு ஜிபி காலியாக இருந்தது. தாராளம் என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லாமல் பட்டனை அழுத்தினேன். இதில் எனக்குக் கொஞ்சம் கெத்தும் இருந்தது என்பதை மறைப்பானேன்? மற்ற தளங்களுக்கு முன்னால் முடித்துக் காட்டவேண்டும் என்ற ஆசை.

அப்டேட் ஆரம்பித்ததும் முதல் வேலையாகப் பழைய சாஃப்ட்வேரை நிறுத்தியது. திரையில் ஓடிக்கொண்டிருந்த எண்கள் மறைந்தன. நீலப் பட்டை மெதுவாக நகர்ந்து, பாதியைத் தாண்டி, அறுபதில் நின்றது. பிறகு ஒரு பெட்டி வந்தது. 'டிரைவில் போதிய இடம் இல்லை' என்றது.

எனக்கு நம்ப முடியவில்லை. சி டிரைவைத் திறந்து பார்த்தால் பதினொரு ஜிபியில் மிச்சம் சில எம்பிதான். பழைய சாஃப்ட்வேரையாவது ஓடவிடலாம் என்று பார்த்தால், அதுவும் எழுந்திருக்கவில்லை. எழுத இடமில்லாமல் அதற்கும் மூச்சு முட்டியிருக்கவேண்டும்.

அப்போது வாக்கி டாக்கி கரகரத்தது. "மக்கா, காத்து எப்பிடி இருக்கு?"

நான் ஜன்னல் வழியே பார்த்தேன். பக்கத்துக் காற்றாலைகள் சோம்பலாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தன. "ஒண்ணுமில்ல மக்கா. நீ வேலையப் பாரு, நான் பாத்துக்கிடுகேன்," என்றேன்.

அந்த வாக்கியத்தை எத்தனை முறை திரும்ப நினைத்துப் பார்த்தேனோ தெரியாது. 'திரை போயிட்டு, எறங்கு' என்று சொல்ல இரண்டு வினாடி போதும். சொன்னால் ஏன் போச்சு என்று கேட்பான். அந்த வெட்கத்துக்குத்தான் பயந்தேன்.

மறுபடியும் முயல்க என்ற பட்டனை அழுத்தினேன். இந்தமுறை இருபதிலேயே நின்றது. முதல் முயற்சி கொட்டிவிட்டுப் போன தற்காலிகக் கோப்புகள் அப்படியே கிடந்ததால் இடம் இன்னும் குறைந்திருக்கிறது என்பது அந்தப் பதற்றத்தில் எனக்கு உறைக்கவில்லை. பழைய அறிக்கைகளை அழித்தேன். ஒரு எம்பிகூடக் கூடவில்லை. எல்லாம் குப்பைத் தொட்டியில், அதே டிரைவில்தானே கிடக்கிறது! அதையும் காலி செய்தேன். இரண்டு ஜிபி கிடைத்தது. மறுபடி அழுத்தினேன், மறுபடி நின்றது.

வேறு வழியில்லாமல் சாஃப்ட்வேர் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தார். பொறுமையான குரல்.

"சார், உங்க பழைய டேட்டா ஃபைல் எவ்ளோ பெருசு?"

"பதினெட்டு ஜிபி."

"அதான் சார். அப்டேட் அந்த ஃபைல்மேலயே எழுதாது. பக்கத்துல புதுசா முழு காப்பி ஒண்ணு எழுதி, சரிபார்த்துட்டு, அப்புறம்தான் பழசை அழிக்கும். நடுவுல கரண்ட் போனாலும் பழசு பத்திரமா இருக்கணும் இல்லையா? அப்டேட்டைப் பிரிச்சு வைக்கவும் ஆறு ஜிபி வேணும். முடிஞ்சா ஒரு ஜிபிதான் கூடும், ஆனா நடக்கும்போது இருபத்திநாலு காலியா இருக்கணும்."

புது வீட்டில் பால் காய்ச்சும்வரை பழைய வீட்டைக் காலி செய்யமாட்டோம் இல்லையா, அந்தக் கதைதான். இதை மெயிலில் ஒரு வரி எழுதியிருந்தால் குடியா முழுகியிருக்கும்?

டி டிரைவில் முந்நூறு ஜிபி சும்மா கிடந்தது. மிச்சம் கிடந்த தற்காலிகக் கோப்புகளை அழித்துவிட்டு, தற்காலிக இடத்தை டி டிரைவுக்கு மாற்றச் சொன்னார். மாற்றிவிட்டு மறுபடியும் பட்டனை அழுத்தினேன். அப்போதுதான் அவர் கேட்டார்: "சார், டவர்ல யாரும் இல்லையே? செக்லிஸ்ட்ல கேக்கணும்."

அந்த நேரம் பார்த்து அறைக் கதவு படாரென்று அடித்தது. வெளியே செம்மண் புழுதி எழுந்து வேலியோரம் ஓடியது. பக்கத்துக் காற்றாலைகளின் சோம்பல் போயிருந்தது.

போனை மேசையில் போட்டுவிட்டு வாக்கி டாக்கியை எடுத்தேன். "மக்கா, எறங்குங்க. ரெண்டு பேரும் எறங்குங்க." இரைச்சல் மட்டும் வந்தது. "எலே, கேக்குதா? எறங்கு!" என் செல்லிலிருந்து கூப்பிட்டால் அவனுடைய செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது. வாசலுக்கு ஓடி அந்தக் கோபுரத்தைப் பார்த்தேன். பூட்டிவைத்த இறக்கைகளின் நுனி நடுங்குவது கண்ணுக்கே தெரிந்தது. அவன் மனைவியிடம் என்ன சொல்வேன் என்ற நினைப்பு ஒன்றுதான் மனதில் ஓடியது.

எவ்வளவு நேரம் கூப்பிட்டேன் என்று தெரியாது. கடைசியில் மூச்சிரைக்க ஒரு குரல் வந்தது. "எறங்கிட்டோம். அடியில நிக்கோம்."

நான் அங்கேயே, வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன்.

அவர்கள் வந்து சேர்ந்தபோது அப்டேட் முடிந்திருந்தது. நண்பனின் முழங்கையில் தோல் உரிந்திருந்தது. குடம் ஆடிய ஆட்டத்தில் பிடி தவறி மோதிக்கொண்டானாம். "அது ஆடின பெறவுதான் எங்களுக்கே தெரிஞ்சி. நீ கூப்புடுவன்னுலா இருந்தேன்," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு என் பின்னால் வந்து நின்றான்.

திரை நிறுத்தப்பட்டிருந்தாலும் ஒவ்வொரு காற்றாலையும் தன் கணக்கைத் தனக்குள் எழுதி வைத்துக்கொள்ளும். புது சாஃப்ட்வேர் எழுந்ததும் அதையெல்லாம் இழுத்து, காற்று வேகக் கோட்டில் விடுபட்ட இடத்தைப் புள்ளி புள்ளியாக நிரப்பத் தொடங்கியது. எட்டு. ஒன்பது. பதினொன்று. ஒன்பது இருபதுக்குப் பன்னிரண்டரை. ஒன்பதரைக்குப் பதினான்கு.

அவன் தன் செல்போனை எடுத்து, நான் விடாமல் கூப்பிட்ட அழைப்புகளின் நேரத்தைப் பார்த்தான். முதல் அழைப்பு ஒன்பது முப்பத்தெட்டு. பிறகு திரையில் பன்னிரண்டரை நிற்கும் இடத்தில் விரலை வைத்தான்.

"இதுலேர்ந்து பதினெட்டு நிமிசம்," என்றான். "அந்நேரம் நீ என்னத்தப் பாத்துட்டு இருந்த மக்கா?"