புதன்கிழமை பொய்

என் மருமகள் ஸ்ரீரங்கத்து வீட்டின் முன்னறையில் காட்டன் சேலை விற்கிறாள். கடைக்குப் போனில் ஒரு பேஜ் உண்டு. புதன்தோறும் சாயங்காலம் ஆறு மணிக்கு அதில் என் வீடியோ வரும். பெயர் ‘புதன்கிழமை பொய்’. அதே நீலச் சுவர், அதே ஸ்டூல், மடியில் ஒரு சேலை. அதைப் பற்றி மூன்று சேதி சொல்வேன். ஒன்று பொய். எது என்று ஜனங்கள் கமென்டில் எழுதுவார்கள். வியாழன் காலையில் மருமகள் விடை போடுவாள். ரெண்டாம் வகுப்போடு நின்றவளுக்கு ஏற்ற உத்தியோகம்தான். பொய் சொல்லப் படிப்பு எதற்கு?

பத்து நிமிஷம் தாமதமானால், “பாட்டிம்மா எங்க?” என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

ஒரு புதன்கிழமை சிவப்புச் சேலையை விரித்து, “இது கைத்தறி. பார்டர்ல இருக்கறது மாங்கா. எத்தனை தடவ துவைச்சாலும் சாயம் போகாது” என்றேன். கடைசிதான் பொய்.

அடுத்த திங்கட்கிழமை எடமலைப்பட்டி புதூரிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். யாரோ அந்த வீடியோவில் நான் பேசியதை மட்டும் வெட்டி அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதை நம்பி, போனிலேயே ஆர்டர் செய்து வாங்கியிருக்கிறார். பையிலிருந்து சேலையை எடுத்தார். கூடவே வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டை, ரோஸ் கலரில்.

“சாயம் போகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“அது பொய்ங்க. சாருக்கு ரோஸ் எடுப்பா இருக்குமே?”

“அத்தை, சும்மா இருங்க!” என்று மருமகள் ஒரு அதட்டல் போட்டாள். டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டு, சேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

அவர் போனதும், “நிறுத்திடலாம் அத்தை” என்றாள். “தொட்டுப் பாக்காம, நம்ம வார்த்தைய நம்பி வாங்கறாங்க. அந்த நம்பிக்கை போச்சுன்னா கடையே போச்சு.” அவள் கண் கலங்கியிருந்தது. அதற்கு மேல் எனக்கு வேடிக்கை வரவில்லை.

கொஞ்சம் யோசித்துச் சொன்னேன்: “பேரையும் கிழமையையும் மாத்தாதம்மா. ஜனங்க பழகிட்டாங்க. பொய்ய மட்டும் சேலை மேலேர்ந்து எடுத்து என் மேல போடு.”

அந்தப் புதன்கிழமை அதே சுவர், அதே ஸ்டூல், அதே சிவப்புச் சேலை. வீடியோவின் மேலேயே, ‘இது விளையாட்டு, பாட்டி சொல்வதில் ஒன்று பொய்’ என்று கடைசிவரை தெரிகிற மாதிரி எழுதிவிட்டாள். இனி யார் வெட்டினாலும் எழுத்தும் கூடவே போகும்.

முதலில் உண்மையைச் சொன்னேன்: “இந்தச் சேலை சாயம் போகுங்க. தனியா அலசுங்க. போன வாரம் நான் சொன்னத நம்பி ஒரு டீச்சர் சட்டையக் கெடுத்துக்கிட்டாங்க. தப்பு என் மேலதான்.” பிறகு மூன்று விரலைக் காட்டினேன். “எனக்குக் காவிரில நீந்தத் தெரியும். ரெண்டாங்கிளாஸ்ல ஒரு நாள் முழுக்க பெஞ்சு மேல நின்னேன். என் மருமக என்னை அதட்டினதே இல்ல.”

கமென்ட் பூராவும் மூணு, மூணு, மூணு. நடுவில் டீச்சர்: “மூணாவதுதான். நானே சாட்சி. அந்த மாங்கா பார்டர் பச்சைல இருக்கா?”

மருமகள் சிரித்துவிட்டாள். “எல்லாருமே கண்டுபிடிச்சுட்டாங்க. நாளைக்கு விடை போடணுமா அத்தை?”

“போடாம? காலைல எழுந்து தேடுவாங்க” என்றேன்.