ஐஸை உடைத்தவர் என்ன செய்தார்?

இங்கிலீஷ் எங்கே படித்தீர்கள் என்று கேட்டால் தமயந்தி, "தலகாணி மேல" என்பார். கேட்பவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் அது விளையாட்டுப் பேச்சு இல்லை, நூற்றுக்கு நூறு உண்மை. கோலார் தங்கவயலில் அப்பா வேலை பார்த்த சுரங்கத்தை இழுத்து மூடியபின், இருபத்திரண்டு வயதில் விடியற்கால ரயிலேறி பெங்களூர் வந்து, கண்டோன்மென்ட் பக்கத்தில் ஒரு பெரிய ஓட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலைக்குச் சேர்ந்தார். விருந்தினர்கள் தலையணைமேல் துண்டுச்சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போவார்கள். மற்றவர்கள் அதைக் கசக்கிக் குப்பையில் போட, இவர் மட்டும் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய், அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகத் தடவித் தடவிப் படித்தார். பன்னிரண்டு வருடம் கழித்து அதே ஓட்டல் அவரை ஊழியர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வைத்தது. எனக்கு இந்த மாதிரி ஆட்களைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். அதை மறைக்கப்போவதில்லை.

வகுப்பு நடப்பது ஊழியர்கள் சாப்பிடும் கூடத்தில். மதியச் சாப்பாடு முடிந்து ராத்திரி வேலை தொடங்குமுன் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரம், மூன்றிலிருந்து நான்கு வரை. துணிகள் பிரிவிலிருந்து வைஷ்ணவி வருவாள், பரிமாறும் ஆட்கள் நாலைந்து பேர் வருவார்கள். கடைசி பெஞ்சில், ஈரக் கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே வந்து உட்காருவார் சவரிமுத்து.

சவரிமுத்துவுக்கு நாற்பத்தேழு வயது. பத்தொன்பது வருடமாகக் குளிர்சமையலறையில் வேலை. விருந்துகளில் மீனையும் இறாலையும் பரப்பிவைக்கும் பெரிய தட்டுகளுக்கு ஐஸ் வேண்டும். காலையில் வந்திறங்கும் ஐஸ் பாளங்களைக் கூர்க்கம்பியால் குத்தி உடைப்பதும், மாலையில் விருந்துக்கூடத்துக்கே போய்த் தட்டுகளுக்கு உடைத்துப்போடுவதும் அவர் பொறுப்பு. விரல் மூட்டுகள் வீங்கிப்போய், காலையில் சட்டைப் பித்தான் போட மனைவியைக் கூப்பிட வேண்டியிருந்தது. குளிரில் நிற்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அங்கிருந்து வெளியே வர ஒரே வழி, விருந்துக்கூடத்தில் பரிமாறுபவர்களை மேற்பார்க்கும் கேப்டன் வேலை. அதற்கு ஆங்கிலத்தில் ஒரு தேர்வு உண்டு. இரண்டு முறை முயன்று தோற்றிருந்தார். மூன்று முறைக்குமேல் இடமில்லை என்பது ஓட்டல் விதி. மூன்றாவது முறை வெள்ளிக்கிழமை.

"இந்த வாட்டியும் போச்சுன்னா, மேடம், அந்த ரூமுலதான் ரிட்டையர் ஆவணும்," என்றார் ஒருநாள். புலம்பவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்கிற மாதிரிதான் சொன்னார்.

தேர்வில் மரபுத்தொடர்கள் கட்டாயம் வரும். அதனால் தமயந்தி நாற்பது தொடர்களை இடதுபக்கம் எழுதி, எதிரே தமிழ்ப் பொருளையும் எழுதிப் பட்டியல் ஒன்று கொடுத்திருந்தார். 'பிரேக் தி ஐஸ்', அதாவது ஐஸை உடைப்பது, என்பதற்கு எதிரே, 'அறிமுகமில்லாதவர்களுக்கு நடுவே இருக்கும் தயக்கத்தைப் போக்கிப் பேச்சைத் தொடங்குவது' என்று இருந்தது. பொருளில் பிழையே கிடையாது. சவரிமுத்து அதைக் குளிரறைக் கதவிலேயே ஒட்டிவைத்து, நாற்பதையும் தண்ணீர்பட்ட பாடாக ஆக்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை ஒரு மாதிரித் தேர்வு வைத்தார் தமயந்தி. நாலு வரிப் பத்தி ஒன்றை ஆங்கிலத்தில் படித்தார். மீன் வண்டி தாமதமாக வந்தது, அது வருவதற்குள் சமையலறையில் ஓர் ஆள் ஐஸை உடைத்துத் தட்டுகளில் நிரப்பிவைத்தார் என்பது அதன் பொருள். அந்த ஆள் என்ன செய்தார் என்று கேள்வி. சவரிமுத்துவின் தாளில் பதில் இப்படி இருந்தது: எல்லோருடனும் சகஜமாகப் பேச ஆரம்பித்தார்.

வைஷ்ணவி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "இன்னாண்ணா, டெய்லி நீங்க ஒடைக்கறதுதான அது?"

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சும்மா. ஆனா லிஸ்ட்டுல வேற மாதிரி கீதே. லிஸ்ட்டு தப்பா இருக்குமா?"

தமயந்திக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. பத்தொன்பது வருடம் ஐஸை உடைத்த மனிதருக்கு, ஐஸ் என்றால் ஐஸ் என்று சொல்லும் தைரியத்தைத் தன் பட்டியல் பிடுங்கிவிட்டதே என்று அவமானப்பட்டார். அன்று மாலை வீடு திரும்ப, பொம்மனஹள்ளி போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் வெளியே ஒன்றையும் பார்க்கவில்லை. தலையணைச் சீட்டுகளைத் தான் எப்படிப் படித்தோம் என்று யோசித்தார். அகராதி நாலு பொருள் காட்டும். அந்த அறையைப் பார்த்துத்தான் எது என்று பிடிபடும். மேசைமேல் என்ன கிடந்தது, அவர்கள் தங்க வந்தவர்களா கிளம்பிப் போனவர்களா என்றெல்லாம் பார்ப்பார். பட்டியலில் அந்த அறைதான் இல்லை.

வேறு ஒரு வாத்தியாராக இருந்தால் மாணவன் மண்டையில் ஏறவில்லை என்று கைவிரித்திருப்பார். தமயந்தி மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னாலும், "லிஸ்ட் குடுத்தது என் தப்பு. அர்த்தம் சொன்னேன், எப்போ அந்த அர்த்தம்னு சொல்லல," என்றார். அப்புறம் பலகையில் ஆங்கிலம் எழுதவில்லை. தமிழில் இரண்டு வரி எழுதினார். 'சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினான்.' 'கூட இருந்தவனைக் கை கழுவினான்.'

"ரெண்டும் ஒண்ணா?"

"சேச்சே," என்றாள் வைஷ்ணவி. "ரெண்டாவது ஆளு கழட்டி வுட்டுட்டான்."

"எப்படித் தெரிஞ்சுது? யாராவது லிஸ்ட் குடுத்தாங்களா?"

கூடம் யோசித்தது. அதுவரை அவர்கள் யாரும் யோசிக்காத விஷயம் அது. சவரிமுத்துதான் மெல்லச் சொன்னார். "மொதல்ல சாப்பாடு கீது. தண்ணி இருக்கும். சோப்பு இருக்கும். ரெண்டாவதுல ஆளுதான் கீறான். ஆள எப்பிடி கையால கழுவுறது? அப்போ வேற ஏதோ சொல்றாங்கன்னு மனசு தானா திரும்பிக்குது."

"அதேதான், அண்ணா. தமிழ்ல தானா பண்றீங்க. இங்கிலீஷ்ல ஸ்வல்ப, கொஞ்சம், நின்னு பண்ணணும்."

பிறகு ஆறு ஆங்கில வாக்கியங்களைக் கொடுத்தார், எல்லாவற்றிலும் ஐஸ் உடைகிறது. அகராதி வேண்டாம், சுற்றி என்ன இருக்கிறது என்று மட்டும் பாருங்கள் என்றார். ஒன்றில் கப்பல் கடலில் உறைந்த ஐஸை உடைத்தது. ஒன்றில் சமையல்காரர் ஐஸைச் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்தார். துண்டு, கம்பி, சுத்தியல், பருமன் என்று வந்தால் அது பெரும்பாலும் நிஜ ஐஸ் என்று பரிமாறும் ஆள் ஒருவன் கண்டுபிடித்தான். 'அவர்களுக்கு இடையே' என்று வந்தால் அது மனிதர் சமாச்சாரம் என்று வைஷ்ணவி பிடித்தாள்.

"ஐஸ் அங்க இருந்தா நிஜம், இல்லன்னா பேச்சு. அவ்வளவுதான் இல்ல?" என்றார் தமயந்தி.

சவரிமுத்து தலையாட்டினார், இல்லை என்று. "பார்ட்டில பக்கெட்டு நெறைய ஐஸ் இருக்குமே, மேடம். அங்கயும் ஒத்தர் கூச்சத்த ஒடைக்கலாம். ஐஸ் இருக்குதான்னு பாத்தா மட்டும் பத்தாது. ஒடைச்சப்பறம் இன்னா ஆச்சுன்னு பாக்கணும். தட்டு ரொம்புச்சா, பேச்சு வந்துச்சா?"

தமயந்தி சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார். தனக்குக் கைவராத ஒன்றை அந்த மனிதர் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு விருந்து அலுவலக அறையில் தேர்வு. நடத்துபவர் விருந்து மேலாளர் டிரேவர், காக்ஸ் டவுன்காரர், ஆங்கிலோ இந்தியர், ஆங்கிலம் அவருக்குத் தாய்மொழி. தமயந்தியும் அறையில் இருக்கலாம், ஆனால் வாயைத் திறக்கக்கூடாது. டிரேவர் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில், சவரிமுத்து சொன்னதும் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

முதல் ஒன்பது கேள்விகளைச் சவரிமுத்து ஒருவாறு சமாளித்தார். இரண்டில் சறுக்கினார். இன்னும் ஒன்று சரியானால்தான் தேறுவார் என்று தமயந்தியின் மனக்கணக்கு சொன்னது.

டிரேவர் கடைசிக் கேள்வியைப் படித்தார். "கேப்டன் ஆறு மணிக்கு விருந்துக்கூடத்துக்குப் போய் ஐஸை உடைத்தார். அவர் என்ன செய்தார்?"

அவ்வளவுதான், ஒரே வரி. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பட்டியலில் உள்ள பொருளைச் சொன்னால் தீர்ந்தது, டிரேவர் கையிலுள்ள விடைக்குறிப்பிலும் அதுதான் இருக்கும். சொல்லிவிடுங்கள் அண்ணா என்று தமயந்தி மனதுக்குள் கெஞ்சினார். மூன்று நாள்முன் தான் சொல்லிக்கொடுத்ததே அவரைக் கவிழ்த்துவிடுமோ என்று பயந்தார்.

சவரிமுத்து வீங்கிய விரல்களை மேசைக்கடியில் கோத்துக்கொண்டார். "சொல்ல முடியாது, சார்," என்றார்.

டிரேவர் பேனாவை எடுத்தார். "தெரியவில்லையா?"

"இரண்டு அர்த்தமும் தெரியும், சார். எது என்றுதான் இந்த வரியில் இல்லை. ஆறு மணிக்கு நானும் விருந்துக்கூடத்துக்குப் போகிறேன், நானும் ஐஸை உடைக்கிறேன். மீன் தட்டுக்கு. இந்தக் கேப்டன் அங்கே போனபோது கூடத்தில் யார் இருந்தார்கள்? அவர் உடைத்தபிறகு என்ன நடந்தது? அதைச் சொன்னால் சொல்கிறேன்."

டிரேவர் தன் தாளைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்து, நாற்காலியில் சாய்ந்து, யோசித்து யோசித்துச் சொன்னார். "இரண்டு கம்பெனி ஆட்கள் முதல்முறையாகச் சந்திக்கிறார்கள். ஆளுக்கொரு மூலையில் நிற்கிறார்கள். கேப்டன் போய், இரண்டு பக்கத்தையும் ஒரே மேசைக்கு அழைத்து ஒரு வார்த்தை சொல்கிறார். சிரிக்கிறார்கள். கைகுலுக்குகிறார்கள்."

"அப்படியானால் அவர் தயக்கத்தை உடைத்தார், சார். பேச்சைத் தொடங்கிவைத்தார். ஐஸ் பக்கெட்டைத் தொடவில்லை."

டிரேவர் தாளில் ஒரு குறி போட்டார். அது சரிக்குறிதானா என்று தமயந்திக்கு அங்கிருந்து தெரியவில்லை. பிறகு டிரேவர் அந்தக் கேள்வியையே அடித்துவிட்டு, ஓரத்தில் ஏதோ எழுதிக்கொண்டு சொன்னார். "என் கேப்டன்களுக்கு நான் ஒரு வேலை சொன்னால் பாதி பேர் புரிந்ததாகத் தலையாட்டிவிட்டுப் போய் வேறொன்றைச் செய்கிறார்கள். முதலில் கேட்கும் ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமையிலிருந்து மேலே வந்துவிடுங்கள்."

தமயந்தியின் பக்கம் திரும்பி, இப்படிக் கேட்க யார் சொல்லிக்கொடுத்தது என்றார். தமயந்தி ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. தன் பெயரைச் சொல்லியிருந்தால் யாரும் தப்புச் சொல்லியிருக்க மாட்டார்கள். சவரிமுத்துவைக் காட்டி, "அவர்தான் எங்களுக்குச் சொன்னார்," என்றார்.

வெளியே நடையில் சவரிமுத்து சுவரில் சாய்ந்து நின்றார். "மேடம், நான் அவருகிட்ட திருப்பிக் கேட்டது தப்பில்லயே? இத்தன வருஷத்துல மேல இருக்கறவங்கள ஒரு கேள்வி நான் கேட்டதில்ல. சொன்னத ஒடைச்சுப் போட்டுட்டு வந்துடுவேன்."

தமயந்தி அவர் கையைத் தன் இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். அந்தக் கை சில்லென்றிருந்தது. "தப்பில்லண்ணா," என்றார். "நீங்க கேட்டீங்க, அவர் உக்காந்து பதில் சொன்னார். பாத்துட்டுதான இருந்தேன்."