எதிர்க்காற்றும் தோல் கட்டும்

பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஷாப்பில், முடி கழலத் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டி என் பாதங்களைத் தின்றுகொண்டிருந்தது. ஒருநாள் சொல்லாமல் ஓடினேன். பம்பாய், கராச்சி என்று அலைந்து, கடைசியில் அரபுக் கரையில் சார்ஜா என்ற மணல்வெளியில் ஆகாயக் கப்பலுக்குப் பெட்ரோல் ஊற்றும் கூலியானேன். முன்பு லண்டன் போகும் இந்த விமானங்கள் பாரசீகக் கரையை ஒட்டிப் போகும். அந்தச் சர்க்கார் தன் மண்ணுக்கு மேல் பறக்க இனி அனுமதியில்லை என்றதும், பாதையை எதிர்க்கரைக்கு மாற்றிவிட்டார்கள். அதனால்தான் அந்த ஊருக்குக் கோட்டை போன்ற தங்குமிடமும், எனக்குச் சோறும் கிடைத்தன.

ஒரு சாயங்காலம் கராச்சியிலிருந்து வந்த கப்பலிலிருந்து ஆம்பூர்த் தோல் முதலாளி ஒருவர் இறங்கினார். மணலைப் பார்த்ததும் காறித் துப்பினார்.

"இன்னாடா இது? காலையில ஒரு எடத்துல எறக்குனான். இப்போ இங்க. லண்டன் போற கப்பலா, ஜோலார்பேட்டை பாசஞ்சரா?"

தமிழ் கேட்டு அருகில் போனேன். என் பேச்சை வைத்து ஊரையும், சுண்ணாம்பு அரித்த பாதங்களை வைத்துத் தொழிலையும் கண்டுபிடித்துவிட்டார். கோபம் என் பக்கம் திரும்பியது.

"சுண்ணாம்புத் தொட்டிய உட்டுட்டு ஓடியாந்தவன்தானே நீ? சொல்லுடா, ஏன் நேரா போவ மாட்டேன்றான்?"

"எண்ணெய் பத்தாது மொதலாளி. ஜாஸ்தி எண்ணெய் ஊத்துனா ஆளையும் தபாலையும் கொறைக்கணும். அதான் அங்கங்க எறங்கி ஊத்திக்கினு போறாங்க."

"மெட்ராஸ்ல சீட்டு வித்தவன் இத சொல்லலியே! ஏறி குந்துனா லண்டன்னான்."

அவருடைய அவசரம் சின்னதல்ல. அவர் அனுப்பிய சரக்கு, முன்பு காட்டிய மாதிரிக்கு ஒத்துவரவில்லை என்று லண்டன் தரகர்கள் மறுத்திருந்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை அசல் மாதிரியோடு அவர் நேரில் நிற்காவிட்டால், கழிவு விலைக்கு ஏலம். மாதிரித் தோல்களைக் கட்டி மடியில் வைத்தே கொண்டுவந்திருந்தார்.

மறுநாள் விடியலில் வடமேற்கிலிருந்து காற்று பிடித்தது. நான் புனலில் மெல்லிய ஆட்டுத்தோலை விரித்துப் பெட்ரோலை வடித்துக்கொண்டிருந்தேன். பெட்ரோல் இறங்கும், கலந்த தண்ணீரைத் தோல் மேலேயே நிறுத்திவிடும். முதலாளி அதைத் தொட்டுப் பார்த்து, "மீனெண்ணெய் போட்டு பதம் பண்ணது" என்றார். அந்த ஒரு நிமிஷந்தான் அவர் முகத்தில் கோபமில்லை.

விமானி வந்தார். அவர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். எதிர்க்காற்று பலமாக இருப்பதால் அடுத்த இறங்குமிடமான பஹ்ரைன் போகவே வழக்கத்தைவிட நேரமாகும். பெட்ரோல் கூடுதலாக வேண்டும். அங்கே இறங்க முடியாமல் போனால் வேறு இடம் தேடவும் மிச்சம் வேண்டும். அந்த எடைக்கு ஈடாகச் சாமானைக் குறைக்க வேண்டும். வெயில் ஏறினால் காற்று லேசாகிவிடும், இத்தனை பாரத்தைத் தூக்காது. உடனே முடிவு சொல்ல வேண்டும்.

"தோலுக்கட்ட இங்க வெச்சிட்டுப் போங்கன்றாரு."

"தோலு இல்லாம நான் போயி அவனுங்களுக்கு இன்னா மூஞ்சியயா காட்டப்போறேன்?"

"ஒவ்வொன்னுலயும் ஒரு துண்டு அறுத்துக்கலாமே மொதலாளி."

அடிக்கக் கை ஓங்கினார். "நீ தோல் ஷாப்புல வேலை செஞ்சவனாடா? கழுத்து ஒரு மாதிரி, வயிறு ஒரு மாதிரி. முழுத் தோலு பாக்காம எவன்டா வெல சொல்லுவான்?"

சொன்னது சரிதான். அவருடைய டிரங்குப் பெட்டியை இழுத்து மணலில் எறிந்தார். கோட்டுகள், பூட்ஸ், ஊறுகாய் ஜாடி எல்லாம் போயின. வேட்டி சட்டையோடு தோல் கட்டை அணைத்துக்கொண்டு, ஆளையும் சாமானையும் நிறுக்கும் தராசில் ஏறி நின்றார். விமானி முள்ளைப் பார்த்துத் தலையசைத்தார். கப்பல் தட்டுத்தடுமாறி எழுந்தது.

அடுத்த நடையில் வந்தவர்கள் சொன்னார்கள்: பஹ்ரைன் தாண்டி பஸ்ராவில் மணற்புயல், நாட்கணக்காகக் கப்பல் எழும்பவேயில்லையாம். மீதி பிறகுதான் தெரிந்தது: லண்டனுக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது ஏலம் முடிந்து, சரக்கு கைமாறியிருந்தது.

ஊர் திரும்பியபோது ஆம்பூர் ஸ்டேஷனில் அவரைப் பார்த்தேன். அவருடைய தோல் ஷாப்பு வேறொருவர் கையில் இருந்தது.

"வாடா பெட்ரோலு. காத்து நின்னுச்சா?" என்றார்.

காற்றின்மேல் எனக்குக் கோபமில்லை, விமானியின்மேலும் இல்லை. எதிர்க்காற்றில் கூடுதல் எண்ணெயில்லாமல் கிளம்பியிருந்தால் கடலில்தான் போயிருப்பார்கள். மெட்ராஸுக்குப் போனபோது சீட்டு விற்கிற அந்த ஏஜண்டின் ஜன்னலைத் தேடிப் பிடித்தேன். வழியில் நிற்கும், தங்கும், காற்றடித்தால் காத்திருக்கும், சாமானை இறக்கச் சொல்வார்கள் என்று ஏன் சொல்வதில்லை என்று கேட்டேன்.

"அதெல்லாம் சொன்னா எவன்யா வாங்குவான்?" என்று சிரித்தான்.

ஜன்னல் வழியாகவே அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். பியூன் என் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினான். சீட்டு வாங்கப் பின்னால் நின்றிருந்த ஒருவரிடம் இதை மட்டும் கத்த முடிந்தது:

"கையில நாலஞ்சி நாளு மிச்சம் வெச்சிக்கினு கெளம்புங்கய்யா!"