இருநூற்றுப் பன்னிரண்டரை சதுர அடி

எண்பதுகளின் பிற்பகுதியில் தாராவியில் ஒரு தோல்பை ஏற்றுமதிக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். கீழே பட்டறை, மேலே ஆபீஸ். திலக் நகரிலிருந்து தினமும் ரயிலேறி வருவேன். அந்தக் கட்டடத்தில் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

லண்டன், ஹாம்பர்க், மெட்ராஸ் தோல் ஆலை ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் எவ்வளவு தோல் அனுப்பினார்கள் என்று டெலக்ஸ் வரும். டெலக்ஸ் கிளார்க் அதை இடத்துக்கு ஒரு ஃபைலாக அப்படியே தட்டுவார். ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது என்பது என் கண்டிப்பான உத்தரவு. காலையில் என் புரோகிராம் மூன்றையும் ஒரே மூச்சில் படித்து, எண்களின் நடுவிலிருக்கும் கமாக்களை எடுத்துவிட்டு, பட்டறைக் கணக்கோடு ஒப்பிட்டுத் தாள் அடிக்கும்.

அன்று ஹாம்பர்க் வரியில் 'வந்தது 212.5, அனுப்பியது 2125, குறைவு 1912.5' என்று அடித்தது. பைக்கு உள்ளே வைக்கும் மெல்லிய தோல் அது. ஹாம்பர்க் எங்களுக்குப் புது இடம்.

முதலாளி பாய், பட்டறை மாஸ்டரை மேலே கூப்பிட்டார். மாஸ்டர் திருநெல்வேலிக்காரர். தோல் அறைச் சாவி இருபது வருஷமாக அவர் இடுப்பில்தான்.

"மிச்சத் தோல் எங்க மாஸ்டர்?"

"வந்ததே ஒரு கட்டுதான் பாய். இருநூத்திப் பன்னெண்டரை. நானே அளந்தேன்."

டெலக்ஸ் தாளை எடுத்துப் பார்த்தோம். 212,5 என்று இருந்தது. கிளார்க் சிரித்தார். "கமா ஒரு இடம் தள்ளி விழுந்திருக்கு பாய், 2,125தான்." எங்களுக்கு அது அதிசயமாகப் படவில்லை. மெட்ராஸ்காரர்கள் 1,12,500 என்று லட்சக் கணக்கில் போடுவார்கள், லண்டன்காரர்கள் அதையே 112,500 என்பார்கள். இடம் மாறும் கமாவைத் தினமும் பார்க்கிற கண்கள் எங்களுடையவை. பாய் என் முகத்தைப் பார்த்தார். "கம்ப்யூட்டர் தப்புப் போடாது பாய்" என்றேன். இன்றைக்கும் நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பாய் கையை நீட்டினார். மாஸ்டர் சாவியை அவிழ்த்து மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

சாப்பாட்டு டப்பாவைத் தள்ளி வைத்தேன். தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதே ஹாம்பர்க் வரியில் தடிமன் என்று ஒரு கட்டம் இருந்தது, யாரும் பார்க்காத கட்டம். அதில் 8 மில்லிமீட்டர் என்றிருந்தது. செருப்பின் அடியில் வைக்கிற தோல்கூட அவ்வளவு கனம் கிடையாதே! ஃபைலைத் திறந்தேன். அவர்கள் அனுப்பியது 0,8.

அப்படியானால் கமாதான் அவர்களுக்குத் தசமப் புள்ளி. துள்ளி எழுந்து, கமாவையெல்லாம் புள்ளியாக மாற்றும்படி புரோகிராமைத் திருத்தி ஓட்டினேன். ஹாம்பர்க் சரியாகிவிட்டது. ஆனால் லண்டனின் 1,240 சதுர அடி ஒன்றே கால் அடியாகச் சுருங்கிப்போனது. மெட்ராஸின் 1,12,500 வெறும் 1.12 ஆனது. இப்போது மாஸ்டரிடம் கணக்குக்கு மேல் தோல் இருந்தது! காலையில் திருடன், மத்தியானம் வள்ளல். கமாவுக்குப் பின் மூன்று இலக்கம் வந்தால் ஆயிரம் என்று வைக்கலாமா? ஹாம்பர்க்காரன் 1,125 என்று தடிமன் அனுப்பினால் என்ன செய்வது? முதலில் விலை பேசியபோது வந்த டெலக்ஸ் ஒன்றில் அவர்களே ஆயிரத்து ஐம்பதை 1.050 என்று எழுதியிருந்தார்கள். எண்ணை மட்டும் வெறித்துப் பார்த்தால் ஒன்றும் புலப்படவில்லை. சாயங்காலம்தான் உறைத்தது: யார் அனுப்பினார்கள் என்று தெரிந்தால்தான் எண்ணைப் படிக்க முடியும்.

ஃபைலுக்கு ஒரு விதி வைத்தேன். ஹாம்பர்க் என்றால் முதலில் புள்ளிகளை நீக்கு, பிறகு கமாவைப் புள்ளியாக்கு. மற்ற இரண்டுக்கும் கமாவை மட்டும் நீக்கு. வந்தபடியே உள்ள எழுத்தையும் பக்கத்திலேயே அச்சடி. ஓட்டினேன். குறைவு: பூஜ்யம்.

பாய் தாளைப் படித்துவிட்டு, "யா அல்லாஹ்" என்று தலையில் கை வைத்தார். சாவியை என்னிடமே கொடுத்தார். நான் படிகளில் ஓடினேன்.

பட்டறை நடுவில், காலையிலேயே வெளியே எடுத்திருந்த ஹாம்பர்க் கட்டு பிரிந்து கிடந்தது. வேலைக்காரர்கள் எல்லோரும் பார்த்திருக்க, மாஸ்டர் கம்பிக் கட்டம் போட்ட அளவுச் சட்டத்தைத் தோல்மேல் வைத்துக் கட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, தப்பு என்னோடது. கணக்குச் சரியா வந்திருச்சு. இருநூத்திப் பன்னெண்டரைதான், இதோ பாருங்க."

அவர் தாளையும் பார்க்கவில்லை, சாவியையும் வாங்கவில்லை. அடுத்த தோலை விரித்தார்.

"காலையில நான் சொன்னேன், நம்பல. இப்ப கம்ப்யூட்டர் சொல்லுது, நம்புதிய. இன்னும் ஏழு தோலு இருக்கும்மா. எண்ணி முடிச்சிருதேன்."