ஆறு மீட்டர் ரிப்பன்

வில்லாபுரத்தில் உள்ள அந்த நடுநிலைப் பள்ளியில் தாமரைச்செல்வி பி.டி. டீச்சர். ஒரு காலத்தில் கோ-கோவில் மாவட்ட அணிக்கு ஆடியவர். பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டேதான் வருவார் என்று மற்ற டீச்சர்கள் கேலி பேசுவார்கள். பேசிவிட்டுப் போகட்டும். அந்த வருஷம் அவர் இருப்புக்கொள்ளாமல் அலைந்ததற்கு நியாயமான காரணம் இருந்தது.

ஏழாம் வகுப்புப் பெண்கள் விளையாட்டுப் பீரியடுக்கு முழுக்குப் போட ஆரம்பித்திருந்தார்கள். போன வருஷம் வரை மைதானத்தைப் புழுதிக்காடாக்கிய பிள்ளைகள்தான். வயதுக்கு வந்ததும் ஒவ்வொருத்தியாக வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். கேட்டால் வயிற்றுவலி, தலைவலி, அம்மா வேண்டாம்னாங்க. தலைமையாசிரியை மலையம்மாள் ஜன்னல் வழியாக இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சும்மா உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்குக் கணக்காவது நடத்தலாமே என்பது அவர் கட்சி. அதில் தப்புச் சொல்லவும் வழியில்லை. வழியில்லாததுதான் தாமரைச்செல்வியை அரித்தது.

அந்த நேரத்தில்தான் ஒரு பயிற்சி முகாமில் ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸைப் பார்த்துவிட்டு வந்தார். ரிப்பன், வளையம், பந்து. இசைக்குத் தகுந்தபடி உடம்பும் சாமானும் சேர்ந்து அசைய வேண்டும். யாரும் யாரையும் தொடவேண்டாம், இடித்துத் தள்ளவேண்டாம். மரத்தடியை விட்டுப் பிள்ளைகளை எழுப்ப இதுதான் வழி என்று மனசு அடித்துச் சொன்னது. மலையம்மாளிடம் போய் நின்றார். பெற்றோர் கூட்டத்தன்றைக்கு ஆடிக் காட்டுங்கள், அத்தனை பேரும் எழுந்து ஆடினால் பீரியடு உங்களுக்கு, இல்லாவிட்டால் அடுத்து வரும் திங்கட்கிழமை முதல் கணக்குக்கு என்றார் மலையம்மாள்.

சாமான் வாங்கப் பள்ளியில் ஏது வசதி? பேரையூர்ப் பக்கம் விவசாயம் பார்க்கும் அண்ணன் நல்லகாமன் வீட்டில் தண்ணீர் பாய்ச்சும் கறுப்புக் குழாய் மிச்சம் கிடந்தது. அதை வெட்டி, முனையை வெந்நீரில் முக்கி இளக்கி, உள்ளே மரத்துண்டைச் செருகி டேப் சுற்றினால் வளையம். நிறுத்தி வைத்தால் பிள்ளைகளின் இடுப்புக்கு வந்தது. ரிப்பனுக்கு சாட்டின் துணி. நூல் பிரியாமல் ஓரத்தை மெழுகுவத்தியில் லேசாகக் காட்டிக்கொண்டார். முதலில் மூங்கில் குச்சியில் நேராக முடிச்சுப் போட்டுக் கட்டியதில் ரிப்பன் குச்சியையே சுற்றிக்கொண்டது. பிறகு பழைய சாவிக்கொத்துகளில் இருந்த சுழலும் கொக்கியைக் கழற்றி நடுவில் மாட்டினார். குச்சி எப்படித் திரும்பினாலும் ரிப்பன் முறுக்கிக்கொள்ளவில்லை.

நீளத்தில்தான் பிடிவாதம். பெரியவர்கள் போட்டியில் பிடிப்பது ஆறு மீட்டர். சின்னப் பிள்ளைகளுக்குக் குறைத்துக்கொள்ளலாம் என்று முகாமில் சொன்னதும் காதில் விழுந்தது. ஆனால் தாமரைச்செல்வி தன் சின்ன வயதில் பையன்கள் ஆடிக் கழித்த பந்தையும், அவர்கள் விட்டுவைத்த பாதி மைதானத்தையும் வைத்து ஆடியவர். நம்ம பிள்ளைகளுக்கு மட்டும் எதற்குக் கம்மியாக என்று ஆறு மீட்டரையே வெட்டினார். ஆசைக்குக் கண் தெரியாமல் போனது அங்கேதான்.

மரத்தடி மெல்ல மெல்லக் காலியானது. கடைசியாக எழுந்தவள் நாஸியா. அவள் அம்மா அஜ்மல் பீவி வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவர். யாரோ போனில் வெளிநாட்டுப் பெண்கள் ஆடுவதைக் காட்டிவிட, இந்த உடுப்பா போடச் சொல்கிறீர்கள் என்று பள்ளிக்கே வந்து கேட்டார். யூனிஃபார்ம் சுடிதார்தான், துப்பட்டாவை மட்டும் இடுப்போடு இறுக்கிக் கட்டினால் போதும் என்று தாமரைச்செல்வி சொன்னதும் போனார். முகம் மட்டும் தெளியவில்லை.

துணி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்து சேர்ந்தது. அதுவரை இருந்த நாலைந்து ரிப்பனை மாற்றி மாற்றி வைத்துப் பழகினார்கள்; கையில் ரிப்பன் இல்லாதவர்கள் வளையம் உருட்டினார்கள். தரையோடு ஒட்டி ஆட்டினால் பாம்பு. மணிக்கட்டைச் சின்னதாகச் சுழற்றினால் முறுக்கு. இந்தப் பெயரெல்லாம் பிள்ளைகள் வைத்ததுதான். முறுக்கு பாதி வரை வந்து, மீதித் துணி மண்ணில் இழுபடும். கை போதவில்லை, இன்னும் வேகமாகச் சுத்துங்கள் என்று தாமரைச்செல்வி விரட்டுவார். நாஸியாவின் மணிக்கட்டு வீங்கி, அவள் அதைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டது அவர் கண்ணில் படவேயில்லை.

கூட்டம் நடந்த அன்று மைதானத்தில் பாதியைப் பந்தலும் நாற்காலியும் பிடித்துக்கொண்டன. எல்லார் கையிலும் ரிப்பன் வந்தது அன்றைக்குத்தான். தாமரைச்செல்வி பழக்க தோஷத்தில், சுதந்திர தின டிரில்லுக்கு நிறுத்துவதுபோல ஒரு கை இடைவெளி விட்டு வரிசையாக நிறுத்தினார். பாட்டுத் தொடங்கியது. பாம்பு போய் அடுத்தவள் காலைச் சுற்றியது. முறுக்கு முன்னால் நின்றவள் சடையில் மாட்டியது. சடை மாட்டிக்கொண்ட பாண்டீஸ்வரி இழுத்த இழுப்பில் நாலு பேர் குச்சி கையை விட்டுப் போனது. கண் மூடித் திறப்பதற்குள் அத்தனை ரிப்பனும் ஒரே சிக்கும் சிடுக்குமாகக் கிடந்தன. பந்தலில் சிரிப்பு. மலையம்மாள் எழுந்துவிட்டார். இரண்டு பெண்கள் குச்சியைப் போட்டுவிட்டு மரத்தடிக்கு நடந்தார்கள்.

தாமரைச்செல்வி ஓடிப்போனார். மண்டி போட்டுச் சிக்கை எடுக்கப் பார்த்தார், இழுக்க இழுக்க இறுகியது. நாஸியாவின் ரிப்பனும் சிக்குக்குள்தான் கிடந்தது. அவள் குச்சியை மட்டும் விடவில்லை. குச்சியிலிருந்து கொஞ்ச நீளம் தப்பியிருந்தது; அதைச் சும்மா சுற்றிக்கொண்டே நின்றாள். அந்தக் கொஞ்சத் துணியில் முறுக்கு முழுசாக, வளையம் வளையமாக ஓடியது. தாமரைச்செல்வி பார்த்தார். வீங்கிய மணிக்கட்டையும் அப்போதுதான் பார்த்தார்.

"யாராச்சும் கத்தரிக்கோல் எடுத்துட்டு வாங்க" என்றார்.

அலுவலகத்திலிருந்து வந்தது. ஒவ்வொரு வெட்டும் அவர் நெஞ்சில் விழுந்தது, ஆனாலும் வெட்டினார். பிள்ளை உயரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். சுழல் கொக்கியை மட்டும் எல்லாவற்றிலும் காப்பாற்றினார். வரிசையைக் கலைத்து, ரிப்பன் சுற்றினாலும் அடுத்தவளைத் தொடாத தூரத்தில் பாதிப் பேரை நிறுத்தினார். மீதிப் பேருக்கு வளையம் கொடுத்து ஓரத்தில் உருட்டச் சொன்னார். மரத்தடிக்குப் போனவர்களிடம் போய், தப்பு உங்க மேல இல்லடா, டீச்சர் மேலதான் என்றார். அவர்களும் வந்தார்கள்.

பாட்டு மறுபடி ஓடியது. பாம்பு பாம்பாகவே ஓடியது. வளையங்கள் உருண்டு போய் உருட்டிய கைக்கே திரும்பின. இரண்டு மூன்று கோணிக்கொண்டு பந்தலுக்குள் போனதைத் தாய்மார்களே பிடித்து உருட்டிவிட்டார்கள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

மலையம்மாள் கை தட்டினார். தட்டிவிட்டு, நல்லாத்தான் இருந்தது, ஆனால் இது ஒருநாள் கூத்து, திங்கட்கிழமை மறுபடி வயிற்றுவலி வரும் என்றார். சொன்னபடி அத்தனை பேரும் எழுந்து ஆடிவிட்டார்களே என்று வாதாடத் தாமரைச்செல்விக்குத் தெம்பில்லை.

அஜ்மல் பீவி முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"மேடம், இவளை இனிமே வெளையாட்டுல சேக்க வேணாம்னு சொல்லத்தான் நான் இன்னைக்கு வந்தேன்" என்றார். "கணக்கை வீட்டுல ஒரு மூலையில ஒக்காந்துகூடப் போட்டுக்குவா. கையை இம்புட்டு வீசி ஆடுறதுக்கு எங்க வீட்டுல எங்க எடம் இருக்கு? தெருவுல ஆட விடுவமா?"

நாஸியா அம்மாவைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். மலையம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"திங்கக்கிழமை பி.டி. எத்தனாவது பீரியடு?" என்று கேட்டார்.

தாமரைச்செல்வி வாயைத் திறப்பதற்குள் நாஸியாவே பதில் சொன்னாள்.